திட்டவில்லையா? அப்படியென்றால் பாராட்டியாயிற்று

ஜெர்மனியில் நியூரம்பெர்க், எர்லாங்கன் வட்டாரத்து ஆட்களை ஃபிராங்கன்காரர்கள் என்பார்கள். மாநிலக் கணக்கில் அவர்கள் பவேரியாவைச் சேர்ந்தவர்கள்தான். ஆனால் அதை முகத்துக்கு நேரே சொன்னால் முறைப்பார்கள். அவர்கள் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு "பாஸ்ட் ஷோ". "சரியாத்தான் இருக்கு" என்ற அளவுக்குத்தான் அதற்குப் பொருள். விருந்துச் சாப்பாடு அமிர்தமாக இருந்தால் "சாப்பிடலாம்" என்பார்கள். "திட்டாமல் விட்டாலே போதுமான பாராட்டு" என்று ஒரு பழமொழியும் வைத்திருக்கிறார்கள். ஸ்டுட்கார்ட் பக்கத்து ஷ்வாபியர்கள் அது தங்கள் ஊர்ப் பழமொழி என்று சொல்லிக்கொள்வார்கள்.

அந்த வட்டாரத்தில் மின்மோட்டார் சோதனைப் பிரிவு ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தேன். எங்கள் பிரிவில் நம்மூர் இளைஞர்கள் நிறைய. அமெரிக்கக் கிளையோடும் தினமும் பேச்சுவார்த்தை உண்டு. அதனால் ஒரே கூட்டத்தில் மூன்று விதமான அளவுகோல் ஓடும். நம் பையன் சோதனை அறிக்கையை விளக்கி முடிப்பான். ஃபிராங்கன் தலைவர், "இப்படியே விட்டுடலாம்" என்பார். பையனுக்கு முகம் சுருங்கிவிடும். "ஏதோ போகட்டும்" என்று கைகழுவுவதாக எடுத்துக்கொண்டு, இரவெல்லாம் உட்கார்ந்து வரைபடங்களை மாற்றிப் போட்டு மறுநாள் புது அறிக்கை கொண்டு வருவான். ஒப்புதல் கிடைத்த அறிக்கையை எதற்கு மாற்றினான் என்று தலைவருக்குப் புரியாது. அவருக்கு இப்போது உண்மையிலேயே எரிச்சல் வரும்.

அமெரிக்கக் கிளையோடு இது அப்படியே தலைகீழ். அங்கிருந்து ஒருவர், "அற்புதமான வேலை, எல்லாரும் கலக்கிட்டீங்க, சின்னதா ரெண்டு யோசனை மட்டும்" என்பார். அந்தச் சின்ன யோசனைகள்தான் அவர் பேச வந்த விஷயமே. ஜெர்மானியர்கள் "அற்புதம்" என்பதைக் குறித்துக்கொண்டு யோசனைகளை விட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் இரண்டு பக்கமும் மனத்தாங்கல்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். வார்த்தையின் அளவைப் பார்க்காதே, குறை எங்கே என்று சுட்டினார்களா என்று பார். ஜெர்மானியர் குறையைச் சுற்றி வளைக்க மாட்டார். "இது இப்படிப் போகாது, நாலாம் பக்கத்து வெப்பநிலை வளைவு தப்பு" என்று நேராக வரும். அப்படிப் பக்கமும் எண்ணும் வராவிட்டால் வேலை தேறிவிட்டது என்று அர்த்தம். "இன்னும் மோசமா இருந்திருக்கலாம்" என்றால்கூடப் பாராட்டுதான். "மேலே இன்னும் இடம் இருக்கு" என்பதுதான் குறை; அதைக் கேட்டால் எங்கே இடம் இருக்கிறது என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். "நிஷ்ட் ஷ்லெஷ்ட்", அதாவது "மோசமில்லை" என்று புருவத்தை உயர்த்திச் சொன்னால் அசந்துபோயிருக்கிறார்கள். மரங்கொத்தியை விளித்து, "மோசமில்லையே, மரங்கொத்தி ஐயா" என்று எதுகைக்காகச் சொல்லும் வேடிக்கை வழக்கு ஒன்றும் உண்டு. இது நமக்குப் புரியாததும் இல்லை. "பரவாயில்லை" என்பதற்கும் "பரவாயில்லையே!" என்பதற்கும் உள்ள தூரம் எந்தத் தமிழனுக்கும் தெரியும்.

பேச்சில் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டும் அதே ஊரில், காகிதம் என்று வந்துவிட்டால் கதை மாறிவிடும். வேலையை விட்டுப் போகும்போது எழுத்தில் பணிச் சான்று கேட்டு வாங்குவது அங்கே சட்டப்படியான உரிமை. தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 109ஆம் பிரிவில் அது இருக்கிறது. சான்று உண்மையாக இருக்க வேண்டும், அதே சமயம் அடுத்த வேலைக்குக் குறுக்கே நிற்காதபடி நல்லெண்ணத்தோடும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லிவந்திருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகச் சமாளிக்கப் போய், எல்லாமே பாராட்டாகத் தெரியும் ஒரு தனி நடை உருவாகிவிட்டது. "எப்போதும் எங்கள் முழுமுதல் திருப்திக்கு ஏற்ப" என்றால் முதல் தரம். "எப்போதும் எங்கள் முழுத் திருப்திக்கு ஏற்ப" இரண்டாவது. "எப்போதும்" போய்விட்டால் மூன்று. "முழு"வும் போய் வெறும் "எங்கள் திருப்திக்கு ஏற்ப" என்று நின்றால் நாலு. அங்கே பள்ளிக்கூடத்தில் நாலு என்றால் தட்டுத்தடுமாறித் தேறினான் என்று பொருள். "முயற்சி செய்தார்" என்று எழுதியிருந்தால் கதை முடிந்தது.

எங்கள் பையன் ஒருவன் வேறு கம்பெனிக்குக் கிளம்பும்போது சான்றோடு என்னிடம் வந்தான். "அண்ணா, பாருங்க, திருப்தின்னு எழுதியிருக்காங்க" என்று முகமெல்லாம் சிரிப்பு. வீட்டுக்கு வேறு அனுப்பிவிட்டானாம். படித்துப் பார்த்தேன். "எப்போதும்" இல்லை, "முழு" இல்லை. சுத்தமான நாலாம் தரம். அவன் வேலையோ அப்படிப்பட்டதல்ல. தலைவர் அவனைப் பற்றிப் பல தடவை "பாஸ்ட் ஷோ" சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. மனிதவளத் துறை தலைவருக்கு ஒரு படிவம் அனுப்புகிறது. அதில் எண்கள் கிடையாது, கட்டங்களுக்கு எதிரே வார்த்தைகள்தான். அவர் வழக்கம்போல அடக்கமாக "திருப்தி" கட்டத்தில் குறியிட்டுவிட்டார். படிவம் அதைத் தனக்குத் தெரிந்த சூத்திரமாக மாற்றிவிட்டது. வாயால் சொல்லியிருந்தால் பூமாலை. காகிதத்தில் ஏறியதும் அதே வார்த்தை குட்டு ஆகிவிட்டது. இத்தனைக்கும் அவர் ஜெர்மானியர், அந்தச் சூத்திரங்களைக் கேள்விப்படாதவரும் அல்ல. பேச்சுப் பழக்கம் கையை இழுத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

சண்டை போட வேண்டியிருக்கவில்லை. எந்த வரியை எப்படித் திருத்த வேண்டும் என்று அவனே எழுதி, தேதி போட்டுக் கேட்டான். தலைவர் உடனே ஒத்துக்கொண்டார். தகராறு ஆகியிருந்தால் யார் நிரூபிக்க வேண்டும் என்ற கேள்வி வரும். மூன்றாம் தரத்துக்குக் கீழே கொடுத்தால் அதற்கான காரணத்தைக் கம்பெனி காட்ட வேண்டும். மூன்றுக்கு மேலே வேண்டுமென்றால் ஊழியர்தான் காட்ட வேண்டும். 2014இல் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் இதை மறுபடி உறுதிசெய்தது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றோ இரண்டோதானே கிடைக்கிறது, ஆகவே சராசரியே இரண்டுதான் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை.

திருத்திய சான்றில் "எப்போதும்", "முழு" இரண்டும் வந்தன. "அவர் போவதில் வருத்தம், நன்றி, வாழ்த்துகள்" என்ற கடைசி வரி மட்டும் வரவில்லை. அந்த வரி இல்லாவிட்டால் ஆட்தேர்வு செய்பவர் ஏதோ மனக்கசப்பு என்று நினைக்கக்கூடும். ஆனால் அதை வற்புறுத்திக் கேட்க உரிமை இல்லை என்று 2012இலேயே அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. தலைவரிடம் கேட்டேன். "வருத்தம்னு எதுக்கு எழுதணும், நல்ல வேலைக்குத்தானே போறான்" என்றார்.

அதற்கப்புறம் பிரிவில் தலைவர் மாறும் ஒவ்வொரு தடவையும் எங்கள் ஆட்களை இடைக்காலச் சான்று கேட்டு வாங்கச் சொன்னேன். தலைவர் மாறுவது அதற்குப் போதுமான காரணம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வேலையில் பெரிய மாற்றம் இல்லாதவரை, அதில் கொடுத்த தரத்தை இறுதிச் சான்றில் கம்பெனி சும்மா குறைத்துவிட முடியாது.