அரிசி மூட்டையும் சிவப்பு விளக்கும்

வால்பாறையில் யானை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அதற்கு ஒரு பக்கத்தைச் சொல்ல முடியாது. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி அது. ஒரு புறம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், மறுபுறம் கேரளத்தின் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். 1890களில் தொடங்கி நடுவிலிருந்த காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள். யானைக்கு இன்றும் அது ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் வழிதான். எனவே 'ஊருக்குள் புகுந்த யானை' என்ற தலைப்புச் செய்தி இங்கே பாதிதான் பொருந்தும்.

தேயிலை இலையை யானை தின்பதில்லை. செடிகளுக்கு நடுவே பகலில் ஒதுங்க நிழலும் இல்லை. அதனால் பகலில் நடு ஆறு, சோலையாறு போன்ற ஆற்றோரங்களில் மிஞ்சியிருக்கும் மரக்கூட்டத்திலோ துண்டுச் சோலையிலோ நின்றுவிட்டு, பொழுது சாய்ந்ததும் தேயிலைக்குள் இறங்கி அடுத்த மறைவுக்குப் போகும். தொழிலாளர்கள் கடைக்கும் பேருந்துக்கும் நடமாடுவதும் அந்த நேரம்தான். மேட்டில் வளையும் ஒற்றையடிப் பாதையில், மூடுபனியில், பத்தடிக்கு அப்பால் நிற்பது தெரியாது. உயிர்ச்சேதம் பெரும்பாலும் இப்படி எதிர்பாராமல் நேருக்கு நேர் முட்டிக்கொள்வதால்தான் நடக்கிறது. யானை தேடி வந்து தாக்குவது அரிது.

கட்டடம் உடைவது வேறு கணக்கு. உடைந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் ரேஷன் கடை, சத்துணவுக் கூடம், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் அரிசி வைத்திருக்கும் சமையலறை என்றே வரும். அட்டைக்குச் சராசரியாக 15 கிலோ என்று வைத்தால்கூட, 100 அட்டை உள்ள கடைக்கு ஒன்றரை டன் அரிசி இறங்குகிறது. மாதத் தொடக்கத்தில் மூட்டை அடுக்கியிருக்கும் அறையின் வாசனை யானைக்குத் தூரத்திலேயே எட்டிவிடும். உப்பும் வெல்லமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கதவுக்கு இரும்புத் தகடு அடித்தால் சன்னலைப் பெயர்க்கும், அதையும் அடைத்தால் சுவர் சரியும். அரிசியை அங்கே தங்கவிடாமல் செய்வதுதான் பலன் தந்தது. வண்டியில் கொண்டுவந்து அன்றே கொடுத்து முடித்துவிட்டால், இரவில் காலிக் கட்டடம்தான் மிஞ்சும். வண்டி வரும் நாளில் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டுமே என்று பெண்கள் சொல்வார்கள். நியாயமான குறை. நாளையும் நேரத்தையும் அவர்களிடம் கேட்டு வைத்தால்தான் இந்த ஏற்பாடு நிலைக்கும்.

பாதையில் நடக்கும் மோதலுக்கு மருந்து தகவல். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்த குமாரும் அவர் குழுவும் வனத்துறையோடு சேர்ந்து இதை வளர்த்தெடுத்தார்கள். முதலில் கேபிள் டிவியில் ஓடும் வரி, பிறகு கைபேசிக் குறுஞ்செய்தி, அதன்பின் மேட்டில் கம்பம் நட்டுச் சிவப்பு விளக்கு. மாலை நான்கு மணிக்கு ஆற்றோரத்தில் கன்றோடு ஒரு கூட்டம் நிற்பதைக் கண்காணிப்பாளர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எஸ்டேட் பெயர், மக்கள் வழங்கும் இடப்பெயர், எத்தனை யானை, இந்த மூன்றும் செய்தியில் இருக்க வேண்டும். அலுவலகக் காகிதத்திலுள்ள வயல் எண்ணைப் போட்டால் ஒருவருக்கும் புரியாது. "பாலத்துக்கு மேலே, கோயில் வளைவு, ஐந்து யானை" என்றால் வீட்டுக்குத் திரும்புகிறவர் அங்கேயே நின்று வேறு வழி பிடிப்பார். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குரல் அழைப்பு. கைபேசி இல்லாதவர்களுக்குத்தான் விளக்கு. சிம் பொருத்திய அந்த விளக்கைப் பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்து ஏற்றலாம், அணைக்கலாம். பொறுப்பு அந்தந்த ஊர்க்காரரிடமே இருக்கும்.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் கருவி அல்ல. யானை போன பிறகும் அணைக்க மறந்து இரண்டு இரவு எரிந்த விளக்கை மூன்றாம் நாள் எவரும் பார்க்க மாட்டார்கள். விளக்கு எரியும்போதும் ஆட்கள் அதே பாதையில் சாதாரணமாக நடக்கிறார்கள் என்றால் நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தம். சிம்முக்கு ரீசார்ஜ் போடாமல் ஊமையாகிப்போன விளக்கு அதைவிட மோசம். எரியவில்லை என்றால் யானை இல்லை என்றுதானே ஊர் நினைக்கும்?

விரட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டாசு வெடித்ததும் கூட்டம் காட்டுக்குத் திரும்பாது. வந்த வழி அடைபட்டதால் பிரிந்து, ஒரு பகுதி அடுத்த லைனுக்குள் ஓடும். கன்றைத் தேடும் தாய் அங்கே யாரையும் விடாது. ஆற்றோரத்தின் குறுக்கே நீளமாக மின்வேலி போடுவதும் இதையே செய்கிறது, மெதுவாக. கடையைச் சுற்றி மட்டும் வேலி போட்டால் யானைக்கு வழி மிஞ்சும். அதற்கும் கம்பியில் கொடி படராமல் வாராவாரம் வெட்ட ஆள் வேண்டும். மழைக்காலத்தில் ஒரு வாரம் விட்டாலே மின்சாரம் கொடி வழியாக மண்ணில் இறங்கி, அதிர்ச்சி கொடுக்காத வெறும் கம்பிதான் நிற்கும். அது யானைக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும்.