20 ரூபாய் பஃப்ஸை 15-க்குக் கொடுத்த வாரம்

"முட்டை பஃப்ஸை ஒரு வாரத்துக்குப் பதினஞ்சுக்குப் போட்டுடலாங்களா?" என்று பேக்கரிக்காரர் என்னிடம் யோசனை கேட்டார். "போடுங்க, ஒரு வாரந்தானே" என்பது என் பதில். கடை திறந்து அப்போது 3-வது வாரம். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

கேள்வியில் தப்பில்லை. கடை இருந்தது காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பக்கம். பஃப்ஸ் விற்பதோ சாயங்காலம். வீடு திரும்பும் வண்டிகள் எதிர்ப்பக்கம் போகும். நடுவில் தடுப்புச் சுவர், கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வர வேண்டும். வாடகை குறைவு என்று பிடித்த இடம். ஏன் குறைவு என்பது சாயங்காலம் 5 மணிக்குத்தான் புரியும். அந்தத் திருப்பத்தைப் போட வைக்க ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. இடத்தில் இருந்த குறையை விலையை வைத்து அடைக்கப் பார்த்தோம்.

கணக்கு அப்போதே போட்டிருக்கலாம். ஒரு பஃப்ஸுக்கு அரை முட்டை 3 ரூபாய், மைதாவும் கொழுப்பும் 4, மசாலா, கேஸ், பேப்பர் எல்லாம் சேர்ந்து 2. ஆக அடக்கம் 9. 20-க்கு விற்றால் 11 நிற்கும், 15-க்கு விற்றால் 6. தினம் 120 போய்க்கொண்டிருந்தது, அதாவது 1,320 ரூபாய். 15-க்கு விற்று அதே காசு வர 220 விற்க வேண்டும். விலையில் கால் பங்கு குறைத்தால் விற்பனை கிட்டத்தட்ட இரட்டிப்பாக வேண்டும் என்பதைக் கடைக்காரர்கள் பலர் கேட்டதும் நம்புவதில்லை. குறைகிற 5 ரூபாய் முழுவதும் லாபத்திலிருந்தே போகிறது. அடக்கத்தில் காலணா குறைவதில்லை.

சரி, 220 விற்றுவிடலாம் என்றே வைப்போம். ஓவனில் ஒரு ஈடுக்கு 40. 200 டிகிரியில் 25 நிமிடம். தட்டை மாற்றி, சூடு மறுபடி ஏற, ஒரு ஈடுக்கு 35 நிமிடம் ஆகும். கூட்டம் 4 மணியிலிருந்து ஆறரை வரை. அதற்குள் 4 ஈடு, 160 பஃப்ஸ். அத்தனையும் விற்றாலும் 960 ரூபாய்தான். கூட்டம் எவ்வளவு வந்தாலும் ஒரு நாளைக்கு 360 குறையும் என்பது போர்டு எழுதும் முன்பே முடிவாகிவிட்டது.

உண்மையில் நடந்தது அதைவிட மோசம். வாசலில் ஆள் நிற்க நிற்க, மாஸ்டர் சூட்டை 240-க்கு ஏற்றி 18 நிமிடத்தில் எடுக்க ஆரம்பித்தார். மேலே நல்ல பொன்னிறம். பஃப்ஸ் உப்புவது மாவிலும் கொழுப்பிலும் உள்ள நீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்குவதால். தூக்கிய அடுக்கு உள்ளே காய்ந்து நிற்க நேரம் வேண்டும். அவசரத்தில் எடுத்தால் தட்டிலேயே அமுங்கும். அடியைப் பிட்டுப் பார்த்தால் மசாலாவுக்குக் கீழே கண்ணாடி மாதிரி ஒரு பச்சை மாவு வரி தெரியும், கையில் கனக்கும். புதிதாக வந்தவர்கள் முதன்முதலில் தின்றது அதைத்தான்.

மார்க்கெட்டிங்கைப் பொருள், விலை, இடம், விளம்பரம் என்று 1960-ல் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி பிரித்து வைத்ததை நான்கு தனித்தனிக் குமிழ்கள் மாதிரி சொல்லிக்கொடுக்கிறோம். இங்கே விலைக் குமிழைத் திருகியதும் பொருள் கெட்டது. விளம்பரம் என்று நினைத்த 15 ரூபாய் போர்டு, கெட்ட பொருளுக்கு ஆள் சேர்த்தது.

ஆனாலும் போர்டு இல்லாமல் அந்த வண்டிகள் திரும்பியிருக்குமா? எனக்கு நிச்சயமில்லை. விலையைத் தொடாமல், பஃப்ஸ் வாங்கினால் டீ 5 ரூபாய் என்று போட்டிருந்தால் ஆள் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்திருப்பார், ஒரு பிரெட்டாவது வாங்கியிருப்பார் என்று தோன்றுகிறது. வந்தவர்கள் 6 பார்சல் கட்டிக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் போனார்கள். ஆனால் டீயைச் சொல்லியிருந்தால் பார்க்கிங்குக்கு இடம் எங்கே என்று பேக்கரிக்காரர் கேட்டிருப்பார். அதற்கும் என்னிடம் பதில் இருந்திருக்காது.

வாரம் முடிந்து 20-க்குத் திரும்பியதும், "பதினஞ்சு தானே இருந்துச்சு?" என்று கேட்டார்கள். 20 என்ற பழைய விலை அவர்களுக்கு விலையேற்றமாகிவிட்டது. 120 விற்ற இடத்தில் 95 ஆனது.

போன வாரம் அவர் மறுபடி கேட்டார்: "பதினேழு வைக்கலாங்களா?" நிற்பது 8. பழைய 1,320 வர 165 விற்க வேண்டும். ஓவன் தருவது 160. பக்கத்தில் வரும், ஆனால் எட்டாது. அதுவும் மாஸ்டர் 25 நிமிடம் பொறுத்தால். இந்த முறை "போடுங்க" என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.