ஏஐ டிடெக்டர் நம்ம எழுத்தை ஃபிளாக் பண்ணினா: என் டிசர்டேஷன் அனுபவம்

யுகே-ல பப்ளிக் ஹெல்த் மாஸ்டர்ஸ் படிச்சப்போ என் டிசர்டேஷன்ல மெத்தட்ஸ் சாப்டர் முழுக்க ஏஐ எழுதினதுன்னு டிடெக்டர் ரிப்போர்ட் வந்துச்சு. அதே டிசர்டேஷன்ல டிஸ்கஷன் சாப்டர்ல கிட்டத்தட்ட ஒண்ணுமே மார்க் ஆகல, ரெண்டையும் எழுதினது நான்தான், ஒரே லேப்டாப்ல. இந்த வித்தியாசம் ஏன் வந்துச்சுன்னு புரிஞ்சதுக்கு அப்புறம்தான், இதைப் பத்தி விளக்கம் கேட்ட மீட்டிங்ல என்னால தெளிவா பேச முடிஞ்சது, அதனால அதையே முதல்ல சொல்றேன்.

டிடெக்டருக்கு நீங்க எழுதினதை யார் எழுதினாங்கன்னு தெரிய வழியே இல்ல. அது பாக்குறது, முன்னாடி வந்த வார்த்தைகளை வச்சு அடுத்த வார்த்தையை ஒரு மொழி மாடல் எவ்வளவு சுலபமா ஊகிக்க முடியுதுங்கிறது. "காலையில எழுந்ததும் பல்" வரைக்கும் எழுதிட்டா அடுத்து "தேய்ச்சேன்" வரும்னு யாரும் சொல்லிடுவாங்க, அந்த இடத்துல "ஆடுச்சு"ன்னு வந்தா யாரும் எதிர்பாக்கல. இந்த எதிர்பாராத தன்மையோட அளவுக்குப் பேரு பெர்ப்ளெக்சிட்டி. கணக்கு கஷ்டமே இல்ல. நாலு வார்த்தை இருக்கு, மாடல் அதுகளுக்குக் கொடுக்குற வாய்ப்பு 1/2, 1/4, 1/2, 1/4ன்னு வச்சுக்கோங்க. பெருக்கினா 1/64, தலைகீழா திருப்பினா 64, நாலு வார்த்தைங்கிறதால நாலாம் மூலம் எடுத்தா சுமார் 2.8. இப்போ கடைசி வார்த்தையை மட்டும் மாத்தி அதோட வாய்ப்பு 1/400 ஆச்சுன்னா பெருக்கல் 1/6400, நாலாம் மூலம் சுமார் 8.9. ஒரே ஒரு வார்த்தை, ஸ்கோர் மூணு மடங்கு ஏறிடுச்சு. ஸ்கோர் குறைவா இருந்தா மெஷின் மாதிரி, கூட இருந்தா மனுஷன் மாதிரி, அடிப்படை இவ்வளவுதான்.

2023 ஜனவரில எட்வர்ட் டியான்னு ஒரு பிரின்ஸ்டன் மாணவர் வெளியிட்ட ஜிபிடிஜீரோ இதோட இன்னொண்ணையும் பாத்துச்சு, வாக்கியத்துக்கு வாக்கியம் இந்த அளவு எவ்வளவு ஏறி இறங்குதுன்னு. மனுஷங்க ஒரு வாக்கியம் நீளமா, அடுத்தது துண்டா எழுதுவாங்க, மாடல் ஒரே சீரா எழுதும்ங்கிறது அதுக்குப் பின்னாடி இருக்கிற எண்ணம். இப்போ வர்ற டிடெக்டர்கள் நிறைய, மனுஷங்க எழுதினது மாடல் எழுதினது ரெண்டையும் குவியல் குவியலா காட்டி பழக்கின மாடல்கள்தான், ஆனா அதுகளும் பாக்குறது எழுத்தோட சாயலைத்தான், எழுதின ஆளை இல்ல.

இப்போ மெத்தட்ஸ் சாப்டரை யோசிங்க. பங்கேற்பாளர்கள் கிட்ட சம்மதம் வாங்கினோம், பெயரை நீக்கினோம், டேட்டாவை பாஸ்வேர்டு போட்டு வச்சோம், இதை உலகத்துல எல்லாரும் ஒரே வார்த்தைகள்லதான் எழுதுறாங்க, அப்படித்தான் எழுதணும்னு சொல்லியும் குடுக்குறாங்க. ஒரு டெக்னிக்கல் வார்த்தையை ஆரம்பத்துல இருந்து கடைசி வரை மாத்தாம பயன்படுத்தணும், வாக்கியம் நேரா இருக்கணும், அலங்காரம் கூடாது. இது ஒவ்வொண்ணும் ஸ்கோரைக் கீழ இழுக்கும். டிஸ்கஷன்ல என் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் நான் பேட்டி எடுத்தவங்க சொன்னதையும் எழுதியிருந்தேன், அதை எந்த மாடலும் எதிர்பாக்காது. இதே காரணத்தாலதான் அமெரிக்க அரசியல் சாசனத்தைப் போட்டாலும் சில டிடெக்டர் ஏஐ-ன்னு சொல்லுச்சு, மாடல்களோட பயிற்சி டேட்டால அது அத்தனை தடவை இருக்கு, ஒவ்வொரு வார்த்தையும் அதுகளுக்கு மனப்பாடம்.

நம்மள மாதிரி இங்கிலீஷை ரெண்டாவது மொழியா படிச்சவங்களுக்கு இது இன்னும் மோசம். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023-ல ஏழு டிடெக்டர்களை எடுத்து, மனுஷங்க எழுதின 91 டோஃபல் கட்டுரைகளைக் குடுத்துப் பாத்தாங்க. சராசரியா 61 சதவீதத்தை ஏஐ-ன்னு சொல்லுச்சு, 91-ல 89 கட்டுரையை ஏதாவது ஒரு டிடெக்டராவது ஃபிளாக் பண்ணுச்சு. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க எழுதினதுக்கு அந்தப் பிரச்சனை கிட்டத்தட்ட இல்ல. எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் அடுத்ததுதான், அதே டோஃபல் கட்டுரைகளை சாட்ஜிபிடி கிட்ட குடுத்து வார்த்தை வளத்தைக் கூட்டச் சொன்னப்போ தப்பான ஃபிளாக் சுமார் 12 சதவீதத்துக்கு இறங்கிடுச்சு. தானே எழுதினவன் மாட்டுறான், மெஷின் மெருகு போட்டது தப்பிக்குது, இதை எப்படி நியாயம்னு சொல்ல முடியும்?

அடுத்தது, அந்த சதவீதத்தை எப்படிப் படிக்கணும்ங்கிறது. சில டிடெக்டர்ல 80ன்னா "இது ஏஐ எழுதினதா இருக்க எவ்வளவு வாய்ப்பு"ன்னு அர்த்தம், சிலதுல "மொத்த எழுத்துல இவ்வளவு பங்கு ஏஐ மாதிரி இருக்கு"ன்னு அர்த்தம், எதுன்னு ரிப்போர்ட்லயே பாத்துக்கோங்க. பிளேஜியரிசம் சதவீதத்தோட இதைக் குழப்பிக்கவே கூடாது, அதுல எந்த மூலத்தோட பொருந்துதுன்னு திறந்து காட்ட முடியும், இதுல காட்ட எதுவுமே கிடையாது. அப்புறம் "தப்பு 1 சதவீதம்தான்"னு சொன்னா நீங்க குற்றவாளியா இருக்க 99 சதவீத வாய்ப்புன்னு அர்த்தம் இல்ல. 1000 கட்டுரை, அதுல 100 ஏஐ, டிடெக்டர் அதுல 80-ஐப் பிடிக்குதுன்னு வைங்க. மிச்சம் 900 நேர்மையான கட்டுரைல 1 சதவீதம்னா 9 பேர், ஆக மாட்டின 89 பேர்ல 9 பேர் அப்பாவி. தப்பு 5 சதவீதம் ஆனா 45 பேர், அப்போ மாட்டின 125 பேர்ல மூணுல ஒருத்தருக்கும் மேல அப்பாவி. வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டி 2023 ஆகஸ்ட்ல டர்னிட்டினோட ஏஐ டிடெக்டரை நிறுத்தினப்போ இந்த மாதிரி கணக்கைத்தான் காட்டுச்சு, 2022-ல டர்னிட்டின்ல 75,000 பேப்பர் போட்டோம், 1 சதவீதம் தப்புன்னாலே சுமார் 750 பேப்பர் தப்பா மாட்டியிருக்கும்னு.

என் மீட்டிங்ல உதவினது இந்தப் புள்ளிவிவரங்களை விட என் ஃபைல்கள்தான். கூகுள் டாக்ஸ்ல எழுதினதால வெர்ஷன் ஹிஸ்டரி அப்படியே இருந்துச்சு, ஒரு பத்தி எப்படி மூணு வரியா ஆரம்பிச்சு, சூப்பர்வைசர் கமெண்டுக்கு அப்புறம் எப்படி மாறுச்சுன்னு ஓட்டிக் காட்டினேன். எதிக்ஸ் விண்ணப்பத்துல பல மாசம் முன்னாடியே நான் எழுதின அதே வாக்கியங்கள் மெத்தட்ஸ்ல வந்திருந்துச்சு, அதையும் பக்கத்துல வச்சேன். சாம்பிள் சைஸை ஏன் அப்படி முடிவு பண்ணினேன்னு கேளுங்க, இப்பவே சொல்றேன்னு நானே கேட்டேன், கேட்டாங்க, சொன்னேன், அதோட அந்த விஷயம் முடிஞ்சது.

வேர்டுல எழுதுறவங்க ஃபைலை ஒன்டிரைவ்ல வச்சு ஆட்டோசேவ் ஆன் பண்ணிக்கோங்க, இல்லன்னா பழைய வெர்ஷன்கள் மிஞ்சாம போகலாம். வேற எங்கயோ எழுதிட்டு மொத்தமா காப்பி பேஸ்ட் பண்ணினா ஹிஸ்டரில ஒரே நொடில முழு சாப்டரும் வந்து விழுந்த மாதிரி தெரியும், அது உங்களுக்கு எதிரா நிக்கும், அதனால முதல் வரில இருந்தே அதே ஃபைல்ல எழுதுங்க. கிராமர் டூல்ல ஸ்பெல்லிங் திருத்துறது ஒண்ணு, முழு வாக்கியத்தையும் அதுவே மாத்தி எழுதுறது வேற, ரெண்டாவதைப் பயன்படுத்தினா உங்க டிபார்ட்மென்ட் விதி என்ன சொல்லுதுன்னு பாத்து முன்கூட்டியே எழுதிக் குடுத்துடுங்க. ரிப்போர்ட்ல வர்ற ஏஐ சதவீதத்தைக் குறைக்குறேன்னு விளம்பரம் பண்ற "ஹியூமனைசர்" பக்கம் போகவே போகாதீங்க, அது மெத்தட்ஸ்ல இருக்கிற சரியான டெர்மை எடுத்துட்டு கிட்டத்தட்ட அதே அர்த்தம் வர்ற வேற வார்த்தையைப் போட்டு வைக்கும், புதுசா நோய் வந்தவங்களைக் குறிக்கிற "இன்சிடென்ஸ்" இருந்த இடத்துல, ஏற்கனவே நோய் இருக்கிறவங்களையும் சேர்த்துச் சொல்ற "பிரிவலன்ஸ்" வந்து உக்காந்தா எக்ஸாமினர் மார்க்கைக் குறைப்பார், அதுவும் நியாயமாவே.