கொலுசுப் பட்டறையில் புரிந்த 0.46

பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டில் எனக்கு மூன்று மதிப்பெண் போன கேள்வி இதுதான்: சில்வர் நைட்ரேட் கரைசலைக் காப்பர் கரண்டியால் கலக்கலாமா? கூடவே இரண்டு எண்களும் இருந்தன. சில்வருக்கு +0.80 வோல்ட், காப்பருக்கு +0.34 வோல்ட்.

நான் 'தாராளமாகக் கலக்கலாம்' என்று எழுதினேன். சில்வரின் எண் பெரிது, அதனால் சில்வர்தான் பலமான உலோகம், அது காப்பரைத் துரத்துமே தவிர காப்பரால் அதை ஒன்றும் செய்ய முடியாது என்பது என் கணக்கு. கெட்டிக்காரத்தனமாக 2 × 0.80 − 0.34 = 1.26 என்றும் ஒரு வரி போட்டு வைத்தேன். இரண்டுமே தப்பு.

எங்கள் பெரியப்பாவுக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. அந்த லீவில் சாப்பாடு கொடுக்கப் போனபோது, வெள்ளியை நைட்ரிக் ஆசிட்டில் கரைத்த கழிவு ஒரு பிளாஸ்டிக் வாளியில் இருந்தது. அதில் அவர் ஒரு செம்புத் தகட்டை இறக்கினார். கொஞ்ச நேரத்தில் தகட்டின் மேல் சாம்பல் நிறத்தில் பாசி மாதிரி ஒன்று படர்ந்தது. தகட்டைத் தட்டினால் அது உதிர்ந்து அடியில் இறங்கியது. தண்ணீர் மெல்ல நீலமானது.

"இது என்ன பெரியப்பா?"

"வெள்ளிதான் கண்ணு. செம்பு கரைஞ்சு உள்ள போகும், வெள்ளி வெளிய வந்துரும்."

நான் கலக்கலாம் என்று எழுதிய கரண்டி என் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து அட்டவணையை மறுபடி எடுத்தேன். அது ஒடுக்க மின்னழுத்த அட்டவணை. +0.80 என்பது சில்வர் உலோகத்தின் பலம் இல்லை. கரைசலில் இருக்கும் Ag⁺ அயனி எலக்ட்ரானை எவ்வளவு ஆவலாக வாங்கிக்கொள்ளும் என்பதன் அளவு. ஆவல் அதிகம் உள்ளது எலக்ட்ரானை வாங்கி உலோகமாகப் படியும். எண் குறைவாக உள்ள உலோகம் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுக் கரையும். அதாவது இடப்பெயர்ச்சி செய்வது எப்போதும் எண் சிறியதாக உள்ள உலோகம்தான். காப்பர் சல்பேட்டில் துத்தநாகத்தைப் போட்டாலும் இதே கதை: −0.76 கரையும், +0.34 படியும்.

அப்புறம் அந்த இரண்டால் பெருக்கிய விஷயம். சமன்பாடு இப்படி வரும்:

Cu + 2Ag⁺ → Cu²⁺ + 2Ag

2 இருக்கிறதே, ஏன் பெருக்கக் கூடாது? எங்கள் வேதியியல் டீச்சர் ஜன்னல் வழியே தெரிந்த சேர்வராயன் மலையைக் காட்டினார். "ஏற்காட்டுக்கு ஒரு பஸ் போனாலும் ரெண்டு பஸ் போனாலும் மலையோட உயரம் மாறுமா? டீசல் செலவுதானே ரெண்டு மடங்கு ஆகும்?" வோல்ட் என்பது அந்த உயரம். ஆகவே 0.80 − 0.34 = 0.46 வோல்ட், அவ்வளவுதான். டீசல் மாதிரி கூடுவது ஆற்றல். அதற்கான சூத்திரத்தில் எலக்ட்ரான் எண்ணிக்கை n தனியாக உட்கார்ந்திருக்கிறது: ΔG° = −nFE° = −2 × 96500 × 0.46, சுமார் −88.8 கிலோஜூல். இரண்டை அங்கே போட்டாகிவிட்டது, வோல்ட்டிலும் போட்டால் இரட்டைக் கணக்கு. எடையிலும் அந்த 2 வேலை செய்யும். 63.5 கிராம் செம்பு கரைந்தால் 216 கிராம் வெள்ளி கிடைக்க வேண்டும். ஒரு கிராமுக்கு மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னால், "எங்க அவ்வளவு செம்பு கம்மியா போகுது?" என்று சிரித்தார். கழிவில் ஆசிட் மிச்சம் இருந்தால் செம்பு வெள்ளியைத் தள்ளாமல் ஆசிட்டிலேயே கரைந்து வீணாகுமாம். பழுப்பு நிறப் புகை வந்தால் அதுதான் அடையாளம். வெள்ளி முழுக்க இறங்கிவிட்டதா என்று பார்க்க, தெளிந்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்து உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுவார். வெள்ளையாகக் கலங்கினால் தகடு இன்னும் உள்ளேயே இருக்கும்.

அந்தப் புகை என்னை ஒரு நாள் குழப்பியது. காப்பர் +0.34, ஹைட்ரஜன் 0. அப்படியானால் காப்பர் ஆசிட்டில் கரையவே கூடாதே? ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றால் அது சரி. நைட்ரிக் அமிலத்தில் எலக்ட்ரானை வாங்குவது H⁺ இல்லை, நைட்ரேட் அயனி. அது NO ஆக ஒடுங்கும்போது அதன் எண் +0.96. காப்பரை மட்டுமல்ல, 0.80 உள்ள வெள்ளியையே அது கரைத்துவிடும். பெரியப்பாவின் வாளிக்குள் வெள்ளி முதலில் போனதே அப்படித்தான்.

திருப்புதல் தேர்வில் காப்பர் நைட்ரிக் அமிலத்தில் ஏன் கரைகிறது என்று கேட்டிருந்தார்கள். பழுப்புப் புகையிலிருந்து தொடங்கி எழுதினேன்.