"கவனமா பாருங்க" என்று சொன்னால் போதாது

செம்பனை எண்ணெய் மில்லில் ஷிப்ட் மாறும்போது புதிய சூப்பர்வைசர் வாயில் முதலில் வருவது, "இன்னைக்குக் கவனமா பாருங்க" என்பதுதான். தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு மில்லில் புதியவர்களைப் பழக்குவது என் வேலை. அந்த வாக்கியத்தைத்தான் முதலில் நிறுத்தச் சொல்வேன். எதை, எந்த அளவுக்குக் கவனிப்பது என்று அதில் ஒன்றுமே இல்லை.

குலை அவிக்கும் ஸ்டெரிலைசரில் நிற்பவரிடம் இப்படிச் சொல்லலாம்: "நீராவி அழுத்தத்தின் மூன்றாவது ஏற்றத்தில் 3 பார், 40 நிமிடம். நீராவியை இறக்கும்போது அடிக்குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறதா பார். 3 பார் ஏறவில்லை என்றால் என்னைக் கூப்பிடு." அப்புறம் அதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் வங்காளதேசத் தம்பிகளும் தலையாட்டுவார்கள், நம் ஆட்களும் தலையாட்டுவார்கள்.

திருத்துவது இதைவிடக் கடினம். ஓர் இரவு, பழம் உதிர்ந்த வெறுங்குலை போகும் கன்வேயரில் பழம் உதிராத குலைகள் வரத் தொடங்கின. புதிய சூப்பர்வைசர் நேரே ஸ்டெரிலைசர் ஆளிடம் போய், "நேரத்தைக் குறைச்சிட்டியா?" என்று கத்தப் போனார். "தம்பி, முதல்ல எண்ணுங்க" என்று நிறுத்தினேன். 100 குலையில் எத்தனை உதிராமல் வருகிறது என்று எண்ணினோம். வழக்கத்தைவிட நிறையவே இருந்தது. காய் குலை அதிகம் வந்திருந்தாலும் இப்படி ஆகும் என்பதால் குலைகளை இறக்கும் ரேம்ப்பில் போய்ப் பார்த்தோம். அங்கே பழுத்த குலைகள்தான். அடுத்து அழுத்தப் பதிவுத் தாளைப் பார்த்தோம். அதில் 3 பாரும் சரி, நேரமும் சரி.

பழுது அடிக்குழாயில் இருந்தது. உதிர்ந்த பழமும் நாரும் சேர்ந்து அதை அடைத்திருந்தன. தண்ணீரும் காற்றும் வெளியேற வழியில்லை. உள்ளே தங்கிய காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துத்தான் மீட்டர் காட்டும். சுத்தமான நீராவி 3 பாரில் ஏறக்குறைய 143 டிகிரி இருக்கும். காற்று கலந்தால் அதே 3 பாரில் சூடு குறைந்துவிடும், குலையின் நடுப்பகுதி வேகாது. அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகு குழாயைச் சுத்தம் செய்தோம். அடுத்த அவியலில் பழம் உதிர்ந்தது.

ஆனாலும் அந்த ஸ்டெரிலைசர் ஆளிடம் திருத்த ஒன்று இருந்தது. அவரைத் தனியே அழைத்து, "குழாயில் என்ன பார்த்தீங்க?" என்று கேட்கும்படி சூப்பர்வைசரிடம் சொன்னேன். தண்ணீர் குறைவாக வந்ததைப் பார்த்திருக்கிறார். பாய்லரில் நீராவி குறைவு என்று நினைத்துச் சொல்லாமல் விட்டிருக்கிறார். "இனி தண்ணீர் குறைந்தால் அடுத்த ஏற்றத்துக்கு முன்னாலேயே சொல்லுங்கண்ணே" என்றார் சூப்பர்வைசர். போன வாரத்துத் தவற்றை இதில் இழுக்கவில்லை. அந்த ஆளும் அதைத் திருப்பிச் சொன்னார்.

தனியே அழைத்துப் பேசுவதற்கு ஒரு விலக்கு உண்டு. அழுத்தம் முழுக்க இறங்கும் முன் யாராவது ஸ்டெரிலைசர் கதவில் கை வைத்தால், எல்லார் முன்னாலும் கத்தி நிறுத்த வேண்டும். காரணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.