ஒரே பெயரில் இரண்டு தீர்ப்புகள்: வழக்கு அட்டவணை தயாரித்த அனுபவம்

பாம்பன், மண்டபம் கரையோரச் சட்டங்களைப் பற்றிய ஆய்வேட்டுக்கு வழக்கு அட்டவணை போட்டபோது அதிகம் சிக்கல் தந்தது 'இந்தியன் கவுன்சில் ஃபார் என்விரோ லீகல் ஆக்‌ஷன் எதிர் இந்திய ஒன்றியம்'. இதே பெயரில் 1996-இலேயே உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் உண்டு. (1996) 3 எஸ்சிசி 212, ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்து ரசாயன ஆலைகள் பற்றியது. (1996) 5 எஸ்சிசி 281, 1991-ஆம் ஆண்டு கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையைப் பற்றியது. நம் கரைக்கு நேரடியாக வேண்டியது இரண்டாவது. 'மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும்' என்ற கொள்கைக்கு முதலாவதும் தேவைப்படும்.

வேர்டில் வழக்கின் பெயரைத் தெரிவுசெய்து Alt+Shift+I அழுத்தினால் Mark Citation பெட்டி திறக்கும். இரண்டுக்கும் ஒரே குறும்பெயர் கொடுத்துவிட்டால் பக்க எண்கள் கலந்துபோகும். கடற்கரைத் தீர்ப்பு 14, 37, 52-ஆம் பக்கங்களிலும் பிச்ரி 41-இலும் இருந்தால், 41 தவறான வரிசையில் போய் உட்காரும். அதனால் குறும்பெயரைத் தனித்தனியாக வையுங்கள்:

```
{ TA \l "Indian Council for Enviro-Legal Action v Union of India (1996) 5 SCC 281" \s "ICELA-CRZ" \c 1 }
```

இந்தக் குறும்பெயர் ஆய்வேட்டின் வரிகளில் வராது. ஆகவே Mark All-ஐ நம்பாமல், ஒவ்வொரு இடத்திலும் பட்டியலிலிருந்து அதைத் தேர்ந்து Mark அழுத்த வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் வேறு வழியில்லை.

முழுப்பெயரில் ஒரு புள்ளி கூடினாலும் வேர்டு அதை வேறு வழக்காகவே எடுத்துக்கொள்ளும். 'v' ஓரிடத்தில், 'v.' இன்னோரிடத்தில் என்றால் அட்டவணையில் ஒரே வழக்கு இரண்டு வரியாக நிற்கும். இறால் பண்ணைகள் பற்றிய ஜெகந்நாத் வழக்கில் ஆண்டுதான் குழப்பும். தீர்ப்பு 1996 டிசம்பரில் வந்தது, மேற்கோளோ (1997) 2 எஸ்சிசி 87. அடைப்புக்குள் வருவது தொகுதியின் ஆண்டு.

சட்டங்களைத் தனி வகையாக, `\c 2` என்று குறியுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இல் வேட்டைத் தடை பிரிவு 9, தேசியப் பூங்கா அறிவிப்பு பிரிவு 35. கடல் அட்டை பற்றி எழுதும் அத்தியாயத்தில் முதலாவதும், மன்னார் வளைகுடா பூங்கா பற்றிய அத்தியாயத்தில் இரண்டாவதும் வரும். பிரிவு வாரியாகக் குறித்தால்தான் படிப்பவர் தேடிய பக்கத்துக்குப் போக முடியும். 1991, 2011, 2019 அறிவிக்கைகள் சட்டமன்றச் சட்டங்கள் அல்ல. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986-இன் கீழ் வந்தவை. மூன்றையும் தனித்தனி வரியாக, வேறு தலைப்பின் கீழ் வைப்பதே சரி.

அட்டவணையைச் செருகும்போது Use passim குறியை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பக்கங்களில் வரும் முக்கிய வழக்குக்கு எண்ணே இருக்காது, 'passim' என்று மட்டும் நிற்கும். F9 அழுத்தும் முன் Ctrl+Shift+8 கொண்டு மறை குறிகளை மூடுங்கள். அவை திறந்திருந்தால் TA வரிகளும் இடம் பிடித்து, பக்கங்கள் தள்ளிப்போய், எல்லா எண்ணும் பிசகிவிடும். கடைசியில் அச்சிட்ட பிரதியை வைத்து, அந்த இரட்டைப் பெயர் வழக்குகளின் ஒவ்வொரு எண்ணையும் பக்கம் திருப்பிச் சரிபாருங்கள்.