முழங்காலில் ரப்பர் பேண்ட் இருந்தால் எட்டு புல்-அப், கழற்றினால் ஒன்றுகூட இல்லை

கம்பியில் மாட்டி முழங்காலைத் தாங்கவிடும் மெல்லிய ரப்பர் பேண்டில் எட்டு புல்-அப் சுத்தமாக வருகிறது. மோவாய் கம்பிக்கு மேலே போகிறது, ஆட்டமில்லை, உதையில்லை. பேண்டைக் கழற்றிவிட்டுத் தொங்கினால் உடம்பு ஒரு அங்குலம்கூட ஏறவில்லை. ஜிம்மில் இருக்கும் பையன், "அக்கா, எட்டு வருதுல்ல, கழட்டிட்டுப் பண்ணுங்க, தானா வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தானாக வரவில்லை. மாதக்கணக்கில் அதே இடத்தில் நின்றதும், முதலில் பேண்டை அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். இந்தப் பதிவில் பெரும்பாலும் அந்த அளவெடுப்புதான்.

என் எடை 62 கிலோ, உயரம் 158 செ.மீ. பேண்ட் வழக்கமான 41 அங்குல வளையம், 22 மி.மீ அகலம். உறையில் ஒரு பவுண்டு வீச்சு அச்சடித்திருப்பார்கள், இதிலிருந்து இது வரை என்று. எந்த நீளத்துக்கு இழுத்தால் அந்த எண் என்று எழுதியிருக்காது. நிறத்தையும் நம்ப முடியாது, ஒரு கம்பெனியின் கறுப்பு இன்னொரு கம்பெனியின் ஊதா. அகலத்தை ஸ்கேல் வைத்துப் பார்த்து வாங்குவதுதான் சரி.

அளப்பதற்குத் தேவை பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசும் தையல் டேப்பும். திருவான்மியூரில் எங்கள் மொட்டைமாடிக் கம்பியில் பேண்டை எப்போதும்போல முடிச்சிட்டு மாட்டினேன். முடிச்சுக்குக் கொஞ்சம் போக, இழுக்காமல் தொங்கும்போது 95 செ.மீ நீளம். அப்புறம் பேண்டில் முழங்காலை வைத்து, கை நீட்டித் தொங்கினேன். கம்பியிலிருந்து முழங்காலுக்குக் கீழே பேண்ட் படும் இடம் வரை மகள் டேப் பிடித்தாள். 147 செ.மீ. ஸ்டூலில் ஏறி மோவாயைக் கம்பிக்கு மேல் வைத்து, முழங்காலை அதேபோல மடக்கியபோது 94. பாதி வழி சுமார் 120.

பிறகு தராசுக் கொக்கியைப் பேண்டின் அடியில் மாட்டி, அந்தந்த நீளத்துக்கு இழுத்துப் பார்க்க வேண்டியதுதான். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ரப்பரை அளப்பதற்கு முன்னால் நாலைந்து முறை நன்றாக இழுத்துவிட வேண்டும், முதல் இழுப்பில் எண் கூடுதலாகக் காட்டும். டேப்பை வைத்து அளப்பது பேண்டின் அடி வரைதான், தராசின் கைப்பிடி வரை அல்ல. சில தராசுகள் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றுவிடும். அப்படியானால் ஒவ்வொரு நீளத்துக்கும் அணைத்துப் போட வேண்டும்.

கிடைத்த எண்கள்: 147 செ.மீ-யில் 13 கிலோ, 120-இல் 8 கிலோ, 94-இல் சுழி. மேலே போனபோது பேண்ட் தளர்ந்து முழங்காலுக்கடியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பயிற்சியின்போது அதை நான் பார்த்ததே கிடையாது, பார்வை கம்பியில்தானே இருக்கும்.

இதையே என் எடையிலிருந்து கழித்துப் பார்த்தால் கதை புரிந்துவிடும். கீழே நான் தூக்கியது 49 கிலோ. பாதி வழியில் 54. மேலே முழுதாக 62. அதாவது மேல்பாதியைக் கிட்டத்தட்ட என் சொந்த பலத்தில் எட்டு முறை செய்துகொண்டிருந்தேன். கீழே மட்டும் 13 கிலோ குறைவாகவே பழகிய உடம்பு. பேண்டைக் கழற்றினால் அந்த 13 கிலோவும் ஒரே அடியாக முதல் அங்குலத்திலேயே வந்து உட்காருகிறது. "தானா வரும்" என்பது எப்படி நடக்கும்?

சரிபார்க்க ஒரு சோதனை உண்டு, யாரும் செய்யலாம். ஸ்டூலில் கால் வைத்து, முழங்கை செங்கோணமாக மடங்கிய நிலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலை எடுத்துவிட்டு அங்கிருந்து மேலே போய்ப் பாருங்கள். போக முடிந்தால் மேல்பாதி இருக்கிறது, குறை கீழே. அங்கிருந்தும் போக முடியாவிட்டால் குறை மேலே. எனக்குப் போனது. இன்னொரு அடையாளம் இறங்கும்போது தெரியும். மேலிருந்து மெதுவாக இறங்கும்போது முழங்கை பாதி விரிந்த பிறகு என்னால் வேகத்தைப் பிடிக்க முடியாது, பொத்தென்று விழுவேன். எங்கே விழுகிறோமோ அங்கேதான் பலமில்லை.

கீழே எல்லோருக்குமே கஷ்டம்தான். கை முழுக்க நீண்டிருக்கும்போது பைசெப்ஸுக்கு நெம்புவதற்கு நல்ல கோணம் கிடையாது, முதுகுத் தசை இழுபட்டு நீண்டு கிடக்கிறது, தோள்பட்டை காதுக்குப் பக்கத்தில் ஏறி நிற்கிறது. பேண்ட் சரியாக அந்த இடத்தில்தான் அதிகம் தூக்கிவிடுகிறது. மேலே முடிக்க முடியாதவர்களுக்கு என் ஏற்பாடு கொஞ்சமும் உதவாது. அவர்கள் முழங்காலுக்குப் பதில் பாதத்தை வைக்க வேண்டும். அதே பேண்டைப் பாதத்தில் வைத்து அளந்தேன்: கீழே 190 செ.மீ-யில் 19 கிலோ, மேலே 137-இல் 11 கிலோ. மேலேயும் கை கொடுக்கிறது. ஒரே பேண்ட், வைக்கும் இடத்தை மாற்றினால் வேறு பேண்ட். பாதத்தில் வைத்தால் மட்டும் அடுத்த காலை அதன்மேல் குறுக்கே போட்டுக்கொள்ளுங்கள், வழுக்கினால் நேராக முகத்துக்கு வரும்.

என் குறைக்கு ஏற்றது மெஷின். எங்கள் ஜிம்மில் ஓரமாக ஒன்று இருக்கிறது, முழங்கால் வைக்கும் மெத்தையோடு. அடுக்கி வைத்த எடைத் தட்டுகள் அந்த மெத்தையை மேலே தள்ளிக்கொடுக்கும், அடுக்கில் பின்னைக் கீழே குத்தக் குத்த உதவி கூடும். பத்து கிலோவில் குத்தினால் கீழேயும் மேலேயும் ஏறக்குறைய அதே பத்து. ஏறக்குறைய என்று சொல்லக் காரணம் உராய்வு. சந்தேகம் வந்ததால் அதையும் அளந்தேன். முள் ஓடும் பழைய பாத்ரூம் தராசை மெத்தைமேல் வைத்து, அதன்மேல் முழங்காலிட்டு மெதுவாக ஏறி இறங்கினேன். முள் காட்டுவதோடு தராசின் சொந்த எடையையும் சேர்த்தால், அதுதான் மெஷின் உண்மையில் தூக்கிவிடும் எடை. பத்து கிலோவில், ஏறும்போது 8, இறங்கும்போது 12. ஏறும்போது உராய்வு நமக்கு எதிராகவும் இறங்கும்போது நமக்கு ஆதரவாகவும் வேலை செய்கிறது. டிஜிட்டல் தராசு இதற்கு ஆகாது, எண் நிலைத்துவிடும். மெத்தை சாய்ந்து போகும் மெஷின் என்றால் தராசு நழுவும், மெத்தை மட்டமாக இருக்கும் நடு இடத்தில் மட்டும் பார்த்தால் போதும்.

மெஷினில் நான் முழு அசைவும் செய்வதில்லை. கை முழுக்க நீட்டி, தொங்கி, ஒரு மூச்சு நின்று, அங்கிருந்து முழங்கை செங்கோணம் வரும் வரை மட்டும். திரும்ப முழுக்க இறங்கி மறுபடி நிற்பேன். அந்த நிற்பதுதான் முக்கியம். நிற்காமல் செய்தால் இறங்கிய வேகத்தில் தசை சுருள்வில்லாகத் தெறித்து அடுத்ததை எடுத்துக்கொடுத்துவிடும். முதல் புல்-அப்புக்கு அந்தத் தெறிப்பு கிடையாது, செத்த நிலையிலிருந்துதான் புறப்பட வேண்டும்.

புறப்படுவதிலும் முதல் அசைவு முழங்கை அல்ல, தோள்பட்டை. கை நேராகவே இருக்க, தோளைக் காதிலிருந்து கீழே இழுத்தால் உடம்பு சில சென்டிமீட்டர் ஏறும். இதை மட்டும் தனியாக, உதவி எதுவுமில்லாமல், கம்பியில் தொங்கிச் செய்கிறேன். சரியாக வருகிறதா என்று உள்ளிருந்து தெரிவது கடினம். கம்பிக்குப் பின்னால் இருக்கும் சுவரில் என் உச்சந்தலை மட்டத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டாள் மகள். தோளை இழுக்கும்போது தலை கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துச் சொல்கிறாள். முதலில், "அம்மா, கை மடங்குது, தலை ஏறல" என்றாள். இப்போது கோட்டுக்கு மேலே மூன்று விரல் ஏறுகிறது. அங்கேயே இரண்டு மூச்சு நிற்கவும் முடிகிறது.

மெதுவாக இறங்கும் பயிற்சியும் கூடவே ஓடுகிறது, கடைசி மூன்றில் ஒரு பங்கைக் கவனித்துத்தான். ஒரு நாளைக்கு நாலு, வாரத்துக்கு இரண்டு நாள், அவ்வளவே. அதற்கு மேல் போனால் முழங்கையின் உள்பக்க எலும்பு மேட்டில் வலி வருகிறது, வந்தால் சீக்கிரம் போவதில்லை. வாளி தூக்கும்போது அந்த இடம் சுருக்கென்றால் அந்த வாரம் இறங்குவதை நிறுத்திவிடுவேன்.

கம்பி பற்றிக் கேட்பவர்களுக்கு: முக்கால் இன்ச் ஜிஐ பைப் வெளிவிட்டத்தில் சுமார் 27 மி.மீ வரும், ஒரு இன்ச் பைப் சுமார் 34. என் போன்ற சின்னக் கைக்கு முக்கால்தான். கடல் காற்றில் வெட்டிய முனை முதலில் துருப்பிடிக்கும், சிங்க் பெயிண்ட் அடித்துவிடுங்கள். பேண்டை மொட்டைமாடி வெயிலில் விடாதீர்கள், முடிச்சு விழும் இடத்தில் மெல்லிய கீறல் தெரிந்தால் அன்றோடு அதைத் தூக்கிப் போடுங்கள். சித்திரை வெயிலில் கை வியர்த்து வழுக்குவதற்குச் சாக் பவுடர் வேண்டும். பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருப்பதால் நாலு கடை ஏறி இறங்கினால் கிடைத்துவிடுகிறது. அப்படியே அங்கே 13 மி.மீ பேண்டும் பார்த்தேன், வாங்கவில்லை. இன்னும் மெல்லிய பேண்ட் என்றாலும் உதவி கீழேதான் குவியும், எனக்கு அது வேண்டாம்.

அடுத்து யோசித்துக்கொண்டிருப்பது உள்ளங்கை முகத்தைப் பார்க்கும் பிடி. பைசெப்ஸ் கூட வேலை செய்வதால் பலருக்கு முதல் முழு இழுப்பு அதில்தான் கிடைக்கிறது. ஆனால் எனக்கு அந்தப் பிடியில் மணிக்கட்டு முறுக்குகிறது. பக்கவாட்டுக் கைப்பிடி இரண்டு வெல்டிங் செய்து கம்பியில் பொருத்தலாமா என்று தெருமுனை பட்டறையில் கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்போதைய நிலவரம்: மெஷினில் பத்து கிலோவில் கீழ்ப்பாதி நின்று நின்று ஐந்து வருகிறது. ஐந்து கிலோவில் ஒன்று வந்து, இரண்டாவது பாதியில் நின்றுவிடுகிறது. இந்தப் பத்துக்கும் ஐந்துக்கும் நடுவே பின்னுக்கு ஓட்டை இல்லை. அடுக்கின் மேலே வைக்கிற இரண்டரை கிலோத் துண்டு ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன், ஏழரையில் ஐந்து வந்ததும் ஐந்துக்குத் திரும்பலாம். உதவியே இல்லாமல் கம்பியில் தொங்கி இழுத்தால், இப்போது உடம்பு கிளம்புகிறது. முழங்கை கொஞ்சம் மடங்கும் வரை போய் அங்கே நிற்கிறது.